காரைக்குடிக்குத் தினம் அஞ்சு கிலோமீட்டர்: சைக்கிளா, பேட்டரி சைக்கிளா, பஸ் பாஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கம் சைக்கிள் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கணக்கு குழம்பாமல் இருக்க எல்லாப் பதிலுக்கும் ஒரே பயணத்தை வைத்துக்கொண்டோம்: வீடு கோட்டையூரில், வேலையோ பள்ளியோ காரைக்குடியில். ஒரு வழிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், மாதம் 25 நாள்.

1. அஞ்சு கிலோமீட்டர்தானே, ஒரே வார்த்தையில சொல்லுங்க. எது எடுக்கலாம்?

பஸ்ஸில் இலவசமாகப் போகிறவர், வீட்டிலிருந்து ஸ்டாப் ஐந்து நிமிட நடை, போகும்போதும் திரும்பும்போதும் கால் மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றால் பஸ்ஸை விட வேண்டாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாதா சைக்கிள்.

பேட்டரி சைக்கிள் மூன்றாவதாகத்தான் வரும். முழங்கால் வலி உள்ளவர், பின்னால் பத்துப் பதினைந்து கிலோ சுமை கட்டிப் போகிறவர், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து திரும்பப் போகிறவர், கடையில் வியர்க்காமல் போய் நிற்க வேண்டியவர் இவர்களுக்குத்தான் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். மேடு பள்ளம் அதிகம் இல்லாத நம் சமதளத்தில், நல்ல உடம்புக்காரருக்கு 5 கிலோமீட்டருக்கு மோட்டார் தேவைப்படாது.

2. பஸ்ல பத்து நிமிஷத்துல போயிடலாம். சைக்கிள்ல அரை மணி நேரம் ஆகுமே?

பத்து நிமிடம் என்பது பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஸ்டாப்புக்கு நடை 6 நிமிடம். பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 10 நிமிடம். வழியில் நின்று ஆள் ஏற்றிப் போவதில் 14 நிமிடம். இறங்கி நடக்க 5 நிமிடம். மொத்தம் 35 ஆகிவிட்டது. சைக்கிளை அவசரப்படாமல் மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம், நிறுத்திப் பூட்ட இரண்டு நிமிடம்.

சராசரியை விட மோசமான நாளைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. ஒரு பஸ் வராமல் போனால் 35 நிமிடம் 55 ஆகும். எட்டரை மணிப் பள்ளிக்கும் ஒன்பது மணிக் கடைக்கும் அந்த ஒரு நாள்தான் பேச்சு வாங்கித் தரும். காலையில் பஸ் நிறைய, சாயங்காலம் ஏழரைக்கு மேல் குறைவு என்பது பல ஊர்களில் உள்ள நிலை. ஒரு வாரம் திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை மட்டும் காலண்டரில் குறித்து வாருங்கள், விடை தானாகத் தெரியும்.

3. பொம்பளைகளுக்கு பஸ் ஃப்ரீதானே. அப்புறம் எதுக்கு மாசப் பாஸ்?

தேவையில்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் என்று சொல்வது இதைத்தான். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் துணையாள் ஒருவருக்கும் இது பொருந்தும். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு தருவார், அதை இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

இடறுகிற இடம் ஒன்று உண்டு. அதே ரோட்டில் அதே ஸ்டாப்பில் வெளியூர்ப் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நிற்கும். அவற்றில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஏறும் முன் போர்டைப் பாருங்கள். "முதல்ல வர்ற பஸ்ஸில ஏறிக்கலாம்" என்று தினமும் ஏறினால் இலவசம் பாதி நாளுக்குத்தான் இருக்கும்.

4. பிள்ளைக்குப் பாஸும் உண்டு, பிளஸ் ஒன்ல சைக்கிளும் தர்றாங்க. ரெண்டையும் வச்சுக்கலாமா?

தாராளமாக. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பஸ் பாஸ் பள்ளி வழியாகவே வரும். பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டியும் தருவார்கள். ஒன்று வாங்கியதற்காக மற்றொன்றை மறுக்க மாட்டார்கள். மழை நாளுக்குப் பாஸ், மற்ற நாளுக்குச் சைக்கிள்.

இலவசச் சைக்கிளை அன்றே ஓட்டிப் பழகவிடாமல் முதலில் கடைக்குக் கொண்டு போங்கள். மொத்தமாகப் பூட்டி அனுப்பிய வண்டி, அதனால் நட்டுகள் முழுக்க இறுகியிருக்காது. பார்க்க வேண்டியவை நான்கு. ஹேண்டில் பார் நடு போல்ட்டு. இரண்டு சக்கரங்களின் அச்சு நட்டு. பிரேக் கட்டை ரிம்மின் மேல் சரியாக உட்காருகிறதா என்பது. கிராங்கை அச்சில் பிடித்து நிறுத்தும் காட்டர் பின். மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று கேட்டால் காட்டர் பின் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே இறுக்கினால் போயிற்று. ஒரு வாரம் விட்டால் பின் தேய்ந்து, துளையும் தேய்ந்து, கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.

இடது பெடல் மட்டும் தலைகீழ் மரை. எல்லா நட்டையும் போல வலது பக்கம் திருப்பினால் அது இறுகாது, கழன்றுவிடும். வீட்டில் ஸ்பேனர் எடுக்கும் அப்பாக்கள் மரையைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

5. ஆம்பளைக்கு மாசப் பாஸ் எடுத்தா லாபமா, தினம் டிக்கெட் எடுத்தா லாபமா?

பாஸ் விலையை ஒரு டிக்கெட் விலையால் வகுங்கள். வருகிற எண்ணுக்கு மேல் எத்தனை தடவை ஏறுகிறீர்களோ அவ்வளவுதான் லாபம். கணக்குக்காக டிக்கெட் 8 ரூபாய், பாஸ் 320 ரூபாய் என்று வைப்போம். 320-ஐ 8-ஆல் வகுத்தால் 40. மாதம் 25 நாளுக்கு 50 தடவை ஏறுகிறவருக்கு 10 பயணம், அதாவது 80 ரூபாய் மிச்சம்.

ஆனால் அரசுப் பஸ் பாஸ் தனியார் பஸ்ஸில் செல்லாது. மாதத்தில் பத்து சாயங்காலம் அவசரத்துக்குத் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள் என்றால், மிச்சமான அந்த 80 ரூபாய் அந்தப் பத்து டிக்கெட்டில் போய்விட்டது. பண்டிகை லீவு, உடம்பு சரியில்லாத நாள், யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்ட நாள் இவையும் சேர்ந்தால் பாஸ் நஷ்டம். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த எந்த வகைப் பஸ்ஸில் செல்லும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. பொங்கல் மாதத்துக்கும் தீபாவளி மாதத்துக்கும் யோசித்து எடுங்கள்.

6. சாதா சைக்கிள்னா எது? கியர் வச்சது வாங்கணுமா?

வேண்டாம். நம் ரோட்டுக்கு ஒரே பல்சக்கரம் போதும். கியர் வண்டியின் பின்புறச் செயின் திறந்தபடி இருக்கும். நம் செம்மண் தூசி எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். செயின் முழுக்க மூடிய கவர், இரண்டு மட்கார்டு, கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு உள்ள வண்டியாகப் பாருங்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சார்பர் வண்டிகள் பையன்களுக்குப் பிடிக்கும், ஆனால் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

சீட் உயரம்தான் பலரும் கவனிக்காதது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக வேண்டும். இதைவிடத் தாழ்ந்திருந்தால் முழங்கால்தான் சுமக்கும். "சைக்கிள் மிதிச்சா முட்டி வலிக்குது" என்று பேட்டரி சைக்கிள் விலை விசாரிக்க வருகிறவர்களில் பலருக்கு, சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றினாலே வலி குறையும். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

7. பஞ்சர் ஒட்டுன மறுநாளே திரும்பக் காத்து போகுது. கடைக்காரர் சரியா ஒட்டலையா?

பெரும்பாலும் ஒட்டு சரியாகத்தான் இருக்கும். முள்தான் இன்னும் டயரில் இருக்கிறது. சீமைக்கருவேல முள் ரோட்டோரம் வண்டி ஏறி ஏறி முனை உடைந்து கிடக்கும். டயரில் ஏறியதும் வெளிப்பக்கம் தேய்ந்து தரையோடு தரையாகிவிடும், உள்பக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ட்யூபை ஒட்டி, காற்றடித்து, அதே இடத்தில் உட்கார வைத்தால் அது மறுபடி குத்தும்.

கண்டுபிடிக்கும் வழி இது. ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காற்றடிக்கும் வால் பக்கத்தை டயரோடு சேர்த்துப் பிடித்தால் ஓட்டைக்கு நேரான இடம் டயரில் எது என்று தெரியும். டயரின் உள்பக்கத்தில் ஒரு பழைய துணியைச் சுற்றுமுழுக்க இழுத்து வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி இழை சிக்கும். விரலால் தேடினால் விரலில்தான் ஏறும். சிக்கிய இடத்தை வெளிப்பக்கமாக வளைத்து, பிடிகுறடால் முள்ளை உள்பக்கமாகவே பிடுங்க வேண்டும்.

ஒட்டும்போதும் ஒரு அவசரம் நடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துவிடுவார்கள். சொல்யூஷன் பளபளப்பு போய் மங்கும்வரை மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். அடிக்கடி முள்ளுப் பாதையில் போகிறவர் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். வண்டி கொஞ்சம் கனக்கும், பஞ்சர் நன்றாகக் குறையும்.

ஒட்டே இல்லாத இடத்திலும் காற்று போகும். ராத்திரி அடித்தது காலையில் பாதியாக இருந்தால் வால் முனையில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் ஊதினால் வால்டியூப் போய்விட்டது. வெயிலில் அந்தச் சின்ன ரப்பர் வெடித்துவிடும். சில்லறைக் காசுப் பொருள், வீட்டில் நான்கு வாங்கிப் போட்டு வையுங்கள்.

8. பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ், நம்பர் பிளேட் ஏதாச்சும் வேணுமா?

விதிக்கு உட்பட்ட வண்டி என்றால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவற்றைச் சோதித்து அங்கீகரித்ததற்கான சான்று அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். கடையில் அதைக் கேட்டு, நகல் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்த ஒயரைப் பிரிச்சுவிட்டா நாப்பதுல போகும் சார்" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். அந்த ஒயரைப் பிரித்த நிமிடமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் லைசென்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை.

9. ஒரு சார்ஜுக்கு நாப்பது கிலோமீட்டர்னு போட்டிருக்கு. நிஜமா போகுமா?

பேட்டரி மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பெருக்குங்கள். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 280 வாட்-மணி. அதில் நம்பி எடுக்கக்கூடியது 250. நீங்களும் கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி செலவாகும், 25 முதல் 30 கிலோமீட்டர் போகும். மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் முறுக்கினால் 12 முதல் 14 ஆகும், 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். எடை குறைந்த ஆள், குறைந்த மோட்டார் உதவி, எதிர்காற்று இல்லாத ரோடு இவை எல்லாம் சேர்ந்தால்தான் அட்டையில் போட்ட நாற்பது வரும்.

நம் கணக்குக்குத் தினம் 10 கிலோமீட்டர்தான். புது பேட்டரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டால் போதும். ஆடிக் காற்றில் எதிர்த்துப் போகும் நாட்களில் மட்டும் தினம் போடுங்கள். பெரிய பேட்டரிக்காக எட்டாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுப்பது 5 கிலோமீட்டர் பயணத்துக்கு வீண்.

10. கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. தினம் 120 வாட்-மணி, சார்ஜர் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்து 140. இருபத்தைந்து நாளுக்கு மூன்றரை யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று பெரிதாகவே வைத்தாலும் மாதம் 35 ரூபாய்தான்.

11. பேட்டரி எத்தனை வருஷம் வரும்? வெயில்ல நிறுத்துனா கெட்டுடுமா?

செலவே இங்கேதான், கரண்டில் இல்லை. லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. பாதி சார்ஜ் இரண்டு தடவை போட்டால் ஒரு முழுச் சார்ஜ். மாதம் மூன்றரை யூனிட்டுக்கு ஏறத்தாழ 12 முழுச் சார்ஜ் ஆகும், வருடத்துக்கு 150. அப்படிப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு மேல் வரும்.

நம் ஊரில் அதை முந்திக்கொண்டு கெடுப்பது வெயில். சூட்டிலும், முழுச் சார்ஜிலும் ஒரே நேரத்தில் இருக்கும் பேட்டரிதான் சீக்கிரம் கிழடாகும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்கு அடியில் முழுச் சார்ஜோடு எட்டு மணி நேரம் நிற்பது அந்த இரண்டும் சேர்ந்த நிலை. பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றி உள்ளே எடுத்துப் போகக்கூடிய மாடலாக வாங்குங்கள். இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், கடைக்குள் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வெயிலிலிருந்து வந்தவுடன் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பும் இருக்கக் கூடாது.

கிழடாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? புறப்படும்போது நான்கு கோடு காட்டும், பாலம் ஏறும்போது சட்டென்று ஒரு கோடாகும், இறங்கியதும் மூன்றாகும். அப்படி ஏறி இறங்கினால் உள்ளே ஒன்றிரண்டு செல் சோர்ந்துவிட்டன. (பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியலை ஆராயும் சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊர் இது. ஆனால் செல்லைச் சோதித்துச் சரியாகக் கட்டித் தரும் கடை அபூர்வம். தெரியாத கையில் செல் மாற்றக் கொடுக்காமல் கம்பெனி பேட்டரியே வாங்குவது பத்திரம்.)

12. ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிடலாமா?

வேண்டாம். 36 வோல்ட் பேட்டரிக்கு வரும் 2 ஆம்பியர் சார்ஜர் காலி பேட்டரியை நான்கு மணி நேரத்தில் நிரப்பிவிடும், பாதி காலி என்றால் இரண்டே மணி நேரம். சாயங்காலம் வந்து ஆறவைத்து, ஏழு மணிக்குப் போட்டால் படுக்கும் முன் எடுத்துவிடலாம்.

இடம் முக்கியம். பழைய வளவு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் தரை வசதியானது. வெறும் தரையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். பாய், மெத்தை, தேக்குப் பெட்டி மேல் வைக்காதீர்கள். வெளியே போகும் வழியை மறித்து முகப்பு வாசலிலும் வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் எல்லாரும் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும். பழைய ஒயரிங்கில் பிளக் பாயிண்ட் சூடாகிறதா என்று முதல் நாள் கையால் தொட்டுப் பாருங்கள். கறுத்திருந்தால் அந்தப் பாயிண்ட் வேண்டாம். சார்ஜர் போனால் அதே வோல்ட்டேஜ் கொண்ட கம்பெனி சார்ஜரே வாங்க வேண்டும். 48 வோல்ட் சார்ஜரின் முனையும் சில வண்டிகளில் பொருந்திவிடும், ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பும் காரமுமாக வாசம் வந்தாலோ சார்ஜ் போடாமல் திறந்த வெளியில் வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள்.

13. ஐப்பசி, கார்த்திகை மழையில பேட்டரி சைக்கிள் ஓட்டலாமா?

தூறலிலும் சாதா மழையிலும் ஓட்டலாம். தேங்கிய தண்ணீரில்தான் கூடாது. பின்சக்கரத்தின் நடுவில்தான் மோட்டார் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டால் உள்ளே இறங்கும். கண்மாய் மறுகால் ரோட்டைக் கடக்கும் நாட்களில் இறங்கித் தள்ளினாலும் மோட்டார் முழுகத்தான் செய்யும், சுற்றிப் போங்கள். வண்டியைக் குழாய் வைத்து அடித்துக் கழுவாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சாதா சைக்கிளுக்கும் மழையில் ஒரு குறை உண்டு. கம்பிப் பிரேக்கும் இரும்பு ரிம்மும் உள்ள வண்டி ஈரமானால் பிரேக் பிடிக்க வழக்கத்தைவிட நிறையத் தூரம் எடுக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். இந்த நாட்களுக்குத்தான் மூன்று, நான்காம் பதில்களில் சொன்ன இலவசப் பஸ்.

14. திடீர்னு மோட்டார் நின்னுபோச்சு, டிஸ்பிளே மட்டும் எரியுது. என்ன பண்றது?

முதலில் பிரேக் லிவர். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்த அதற்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. லிவர் தூசியில் சிக்கி முழுக்கத் திரும்பாவிட்டால், நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். இரண்டு லிவரையும் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே ஓடிவிடும்.

ஆக்சிலரேட்டரில் ஓடுகிறது, மிதித்தால் ஓடவில்லை என்றால் கிராங்க் பக்கத்தில் காந்தம் பதித்த வட்டத் தட்டு இருக்கும். அதற்கும் சென்சாருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். சேறு அடைந்திருக்கும், அல்லது தட்டு நகர்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டி வந்த பிறகு மோட்டார் உதறினால் பின்சக்கரத்துக்குப் போகும் ஒயர் கனெக்டர் முழுக்க உள்ளே போகவில்லை. இரண்டு பக்கமும் உள்ள அம்புக்குறிகளை நேராக வைத்து அழுத்துங்கள்.

அதனால்தான் பஞ்சர் கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ட்யூபை ஒரு பக்கமா இழுத்து ஒட்டுங்க." நம் கடைக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் ஒட்டுவார்கள், மோட்டார் சக்கரத்தைப் பார்த்ததும் தயங்கி ஸ்பேனர் எடுப்பதுதான் வம்பு. ட்யூபையே மாற்றும்போதுதான் சக்கரம் இறங்க வேண்டும். எதுவும் சரிப்படாவிட்டால் மிதித்தே வாருங்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி, கனக்கும், ஆனால் சமதளத்தில் 5 கிலோமீட்டர் மிதிக்க முடியாத கனம் அல்ல.

15. பழைய கறுப்புச் சைக்கிள்லயே மோட்டார் கிட் மாட்டிக்கலாமா? பாதி விலைதானே?

மாட்டலாம், ஆனால் நாங்கள் சொல்ல மாட்டோம். மோட்டார் தன் அச்சையே எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். அதைத் தாங்குவது வண்டிச் சட்டத்தின் நுனியில் இருக்கும் அச்சுப் பள்ளம் மட்டும். பழைய சைக்கிளின் முன் ஃபோர்க்கில் அது மெல்லிய தகடு. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் அச்சு சுழன்று, ஒயரை அறுத்து, சக்கரம் வெளியே வந்துவிடும். அச்சைச் சட்டத்தோடு கட்டி நிறுத்தும் இரும்புக் கை ஒன்றைத் தனியாகப் பொருத்தாமல் ஓட்டவே கூடாது.

அதோடு பதின்மூன்றாம் பதிலில் சொன்ன கம்பிப் பிரேக், 25 கிலோமீட்டர் வேகத்தில். பிறகு எட்டாம் பதிலில் சொன்ன அங்கீகாரச் சான்று. வீட்டில் கிட் மாட்டிய வண்டிக்கு அது இருக்காது.

16. மூணு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா எது மலிவு?

மூன்று வருடத்தில் 9,000 கிலோமீட்டர். சாதா சைக்கிள் 7,500 ரூபாய் என்றால், டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, பஞ்சர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 3,500. மொத்தம் 11,000. ஐந்தாம் பதிலின் மாதிரி விலைப்படி 36 மாதப் பாஸ் 11,520. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மூன்று வருடம் கழித்தும் சைக்கிள் வீட்டில் நிற்கும்.

பேட்டரி சைக்கிள் 32,000, கரண்ட் 1,300, டயர் வகையறா 4,000. பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் இன்னும் 10,000. ஆக 37,000 முதல் 47,000 வரை. பஸ்ஸோடு ஒப்பிட்டால் தோற்கும். ஒப்பிட வேண்டியது பெட்ரோல் வண்டியோடு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டிக்கு 9,000 கிலோமீட்டருக்கு 200 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் பெட்ரோல் மட்டும் 20,000. அதற்கு மேல் வண்டி விலை, இன்சூரன்ஸ், சர்வீஸ். "ஸ்கூட்டி வாங்கலாமா" என்று யோசிக்கிற வீட்டுக்குத்தான் பேட்டரி சைக்கிள் சிக்கனம்.

17. மழைக்கு மட்டும் பஸ், மத்த மாசம் பேட்டரி சைக்கிள்னு வச்சுக்கலாமா?

நல்ல ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் பாஸ் எடுங்கள், ஐந்தாம் பதிலின் வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு. சைக்கிளை நிறுத்தி வைக்கும்போது பேட்டரியை முழுச் சார்ஜிலும் விடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதியில் நிறுத்தி, வண்டியிலிருந்து கழற்றி, ஈரம் படாத உள் அறையில் வையுங்கள். மாதம் ஒரு தடவை சார்ஜ் கோட்டைப் பார்த்து, ஒன்றுக்கு இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் போடுங்கள். டயரில் காற்றைக் குறையவிடாதீர்கள், இருபது கிலோ வண்டி ஒரே இடத்தில் தட்டையாக நின்றால் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும். மார்கழியில் எடுக்கும்போது முதல் வேலை பிரேக் லிவர் இரண்டையும் அழுத்தி விட்டுப் பார்ப்பது.